கட்டை உயர்ந்த பிறகு நகரும் பணம்

புனேயிலிருந்து தெற்கே சதாரா போகும் நெடுஞ்சாலையில், காத்ரஜ் மலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கேட் ஷிவாபூர் சுங்கச்சாவடி வரும். புனேயில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் காரில் ஊருக்குப் புறப்பட்டால் இதைக் கடக்காமல் போவது அரிது. டெல்லியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 48 புனே, கோலாப்பூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை வரை நீள்கிறது. வழியெங்கும் சுங்கச்சாவடிகள். பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்றுதான்: கார் மெதுவாக நகர்கிறது, முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை ஏதோ ஒன்று பார்த்துவிடுகிறது, தடுப்புக் கட்டை மேலே போகிறது, நாம் போய்விடுகிறோம்.

கொஞ்சம் யோசித்தால் இதில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. அந்த ஸ்டிக்கரில் பேட்டரி இல்லை, சிம் கார்டு இல்லை, இணையம் இல்லை. பிறகு எப்படி அது தன்னை அடையாளம் காட்டுகிறது? இன்னொன்று, பணம் பிடித்ததாக வரும் குறுஞ்செய்தி பல நேரங்களில் ஷிர்வளைக் கடந்து கம்பாட்கி மலைப்பாதை ஏறும்போதுதான் வருகிறது. பணம் அப்போதுதான் பிடிக்கப்பட்டது என்றால், சாவடியில் கட்டை எதை நம்பி உயர்ந்தது?

முதல் புதிர் இயற்பியல் சார்ந்தது. அதைச் சுலபமாக அவிழ்த்துவிடலாம். இரண்டாவதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. நமக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவையும் அங்கிருந்துதான் வருகின்றன.

மேலிருந்து வரும் மின்சாரம்

ஃபாஸ்டேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய உலோகக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுவது தெரியும். நடுவில் மணல் பருக்கை அளவில் ஒரு சில்லு. கோடுகள்தான் ஆன்டெனா, சில்லுதான் மூளை. வேறெதுவும் உள்ளே இல்லை.

சுங்கச்சாவடிப் பாதைக்கு மேலே, கூரையில், ஒரு தட்டையான பெட்டி தொங்கும். வாசிப்பானின் ஆன்டெனா அது. அங்கிருந்து கீழ்நோக்கி ரேடியோ அலை பாய்ந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அலையை நன்றாகப் பிடிக்க ஆன்டெனா அதில் ஏறத்தாழப் பாதி நீளம் இருக்க வேண்டும். பதினேழு சென்டிமீட்டர் கோட்டைச் சிறிய ஸ்டிக்கருக்குள் அடக்கத்தான் அதை மடித்து மடித்து அச்சிட்டிருக்கிறார்கள்.

கோடுகளில் படும் அலை அவற்றில் மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. சில்லு அதைச் சேர்த்து விழித்துக்கொள்கிறது. எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாசிப்பான் வெளியிட அனுமதிக்கப்பட்ட வலிமை, ஆன்டெனா ஒரு திசையில் குவிப்பதையும் சேர்த்து, 4 வாட். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டிக்கருக்கு அதில் வந்து சேர்வது சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வாட். சில்லுக்குத் தேவைப்படுவது அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஐந்து மீட்டரில் ஓரளவு உபரி இருக்கிறது. தூரம் இரட்டித்துப் பத்து மீட்டரானால் வந்து சேரும் மின்சாரம் பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். உபரி கரைந்துபோகும்.

இந்த உபரி எவ்வளவு மெலிதானது என்று தெரிந்தால், ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பதில் ஏன் இத்தனை கண்டிப்பு என்று விளங்கும். அதன் ஆன்டெனா கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் நிலைக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. பக்கத்தில் உலோகம் வந்தால் அலை குலைந்துவிடும். சில கார்களில் வெயில் சூட்டைத் தடுக்க முகப்புக் கண்ணாடிக்குள் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அதில் எங்கே ஒட்டினாலும் வாசிப்பான் திணறும். அப்படிப்பட்ட கார்களில் பின்னோக்குக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள். கார் கையேட்டைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேசாமல் சொல்லும் பதில்

விழித்துக்கொண்ட சில்லு தன் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சொந்தமாக ரேடியோ அலையை உண்டாக்க அதனிடம் வலு இல்லை. அதனால் வந்த அலையையே திருப்பி அனுப்புகிறது. சூரிய வெளிச்சத்தைச் சிறு கண்ணாடியில் வாங்கித் தூரத்துச் சுவரில் அடித்து விளையாடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் அந்தப் பிள்ளையுடையதல்ல. ஆனால் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஒளியைக் காட்டவும் மறைக்கவும் முடியும். சில்லு செய்வதும் அதுதான். தன் ஆன்டெனாவின் இணைப்பை ஒரு விநாடிக்குள் பல்லாயிரம் முறை மாற்றுகிறது. ஒரு நிலையில் அலை அதிகமாகத் திரும்புகிறது, மறுநிலையில் குறைவாக. அதிகம், குறைவு என்ற அந்த வரிசைதான் ஒன்றும் சுழியுமாக மேலே போய்ச் சேரும் செய்தி. இதைப் பின்சிதறல் என்று அழைக்கலாம்.

எட்டு மணி நேரம் வெயிலில் நின்றாலும், ஐந்து வருடம் கண்ணாடியில் கிடந்தாலும் இந்த ஸ்டிக்கரில் தீர்ந்துபோக ஒன்றுமில்லை. இது மலிவாகக் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள் பதில் சொன்னால் என்ன ஆகும்? முன்னால் ஒரு கார், ஒட்டி உரசுவதுபோல் பின்னால் இன்னொன்று, பக்கத்துப் பாதையில் ஒரு லாரி என்று நிற்கும் நெரிசலில் இது எப்போதும் நடப்பதுதான். இரண்டு பதில்களும் மோதினால் எதுவும் புரியாது. அதனால் வாசிப்பான் முதலில் யாருடைய எண்ணையும் கேட்பதில்லை. “ஆளுக்கொரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு கட்டளை மட்டும் போடுகிறது. ஒவ்வொரு சில்லும் தற்செயலாக ஒரு வரிசை எண்ணை எடுத்துக்கொள்கிறது. வாசிப்பான் வரிசையை ஒவ்வொன்றாகக் கூப்பிட, முறை வந்த சில்லு மட்டும் வாய் திறக்கும். இரண்டு சில்லுகள் ஒரே எண்ணை எடுத்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆட்டம்.

இத்தனைக்கும் நேரம் இருக்கிறதா? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கார் ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேலே நகரும். வாசிப்பானின் பார்வைக்குள் வரும் நீளம் நான்கு மீட்டர் என்று கொண்டால், அரை விநாடி கிடைக்கிறது. ஒரு ஸ்டிக்கரை முழுமையாக வாசிக்க விநாடியில் நூறில் சில பங்கு போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் விநாடியில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும், அதுவும் போதுமானதே. ஆகவே சாவடியில் நம்மை மெதுவாகப் போகச் சொல்வது ஸ்டிக்கருக்காக அல்ல. கட்டைக்காகத்தான்.

ஸ்டிக்கரில் எழுதியிருப்பது

வாசிப்பானுக்குக் கிடைப்பது 24 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாள எண். வங்கிச் செயலியிலோ ஸ்டிக்கர் வந்த உறையிலோ இதைப் பார்க்கலாம். பலருடைய எண் இப்படித்தான் தொடங்கும்:

```
34161FA8...
```

பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் இதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வரும் 34, இந்த எண் எந்த முறைப்படி எழுதப்பட்டது என்று சொல்கிறது: ‘இது ஒரு தனிப் பொருளுக்குக் கொடுத்த எண்’ என்று பொருள். அடுத்துவரும் எழுத்துகளை இரும எண்களாக விரித்துச் சரியான இடத்தில் வெட்டினால் 8907 என்று தொடங்கும் ஒரு நிறுவன எண் வெளிப்படும். அதன் முதல் மூன்று இலக்கங்களான 890-ஐ நீங்கள் வேறு இடத்திலும் பார்த்திருப்பீர்கள். பிஸ்கட் பாக்கெட்டிலும் சோப்பு உறையிலும் இருக்கும் பட்டைக்கோட்டின் கீழே முதலில் நிற்கும் எண் அது. இந்தியாவில் பதிவான நிறுவனங்களுக்கு உலக அமைப்பு ஒன்று ஒதுக்கியது. மளிகைக் கடையில் பொருளை அடையாளம் காணும் அதே எண் முறைதான் நெடுஞ்சாலைக்கும் வந்திருக்கிறது. மீதி எழுத்துகள் உங்கள் ஸ்டிக்கருக்கே உரியவை.

இந்த எண்ணோடு, சில்லு தயாராகும்போதே பதிந்து இனி யாராலும் மாற்ற முடியாத இன்னொரு எண்ணும் உள்ளே உண்டு. முதல் எண்ணை வேறொரு சில்லில் எழுதிப் போலி செய்தாலும், இந்த இரண்டாவது எண் ஒத்துப்போகாது.

சில்லில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும்: பணம். உங்கள் இருப்பு நூறு ரூபாயா ஆயிரமா என்று ஸ்டிக்கருக்குத் தெரியாது. 2022 ஜூன் மாதம் ஒரு காணொலி பரவியது. சிக்னலில் கார் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கையில் கட்டிய கடிகாரத்தால் ஃபாஸ்டேக்கை வருடிப் பணத்தைத் திருடுகிறான் என்றது அது. தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ. உடனே மறுத்தது. ஸ்டிக்கரின் எண்ணை யாரும் படிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கொண்டு பணம் கேட்கும் உரிமை, பதிவு செய்யப்பட்ட சுங்கச்சாவடிகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் மட்டும்தான் உண்டு. தனிமனிதர் ஒருவர் இன்னொருவரின் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் வாங்க இந்த அமைப்பில் வழியே வைக்கப்படவில்லை.

கட்டையை உயர்த்துவது ஒரு பட்டியல்

இப்போது இரண்டாவது புதிருக்கு வரலாம். ஸ்டிக்கரில் பணம் இல்லை. பணம் உங்கள் வங்கியில் இருக்கிறது. சுங்கச்சாவடியின் கணக்கோ வேறொரு வங்கியில். இரண்டுக்கும் நடுவில் என்.பி.சி.ஐ. நடத்தும் இணைப்பகம். ஒவ்வொரு காருக்கும் இந்த மூன்று இடங்களுக்கும் போய், இருப்பைப் பார்த்து, பணத்தைப் பிடித்து, பதில் வந்த பிறகே கட்டையைத் திறப்பது என்றால், இணைய இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் காத்ரஜ் வரை வண்டிகள் நிற்கும். பண்டிகை விடுமுறைக்குப் புனே காலியாகும் நாளில் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் வடிவமைத்தவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். “இவரிடம் பணம் இருக்கிறதா?” என்று கட்டை கேட்பதில்லை. “இந்த எண் விடக்கூடாதவர்கள் பட்டியலில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்கிறது. இருப்பு தீர்ந்தவை, வங்கி முடக்கியவை, அடையாளச் சரிபார்ப்பு முடியாதவை என எல்லாம் சேர்ந்த கருப்புப் பட்டியல் ஒன்று என்.பி.சி.ஐ.யில் இருக்கிறது. வங்கிகள் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சாவடிக் கணினி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு சிறு கேள்வி அனுப்பி நிலையை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். எப்படியானாலும், பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கட்டை உயர்கிறது. பணம் பிடிப்பது அதற்குப் பிறகு.

அதாவது கட்டை உயரும் அந்தக் கணத்தில் நீங்கள் பணம் கட்டியிருக்கவில்லை. கட்டுவீர்கள் என்று உங்கள் வங்கி கொடுத்த உறுதியின்மேல் உள்ளே விடப்பட்டிருக்கிறீர்கள். 2021 பிப்ரவரியில் நெடுஞ்சாலை ஆணையம் கார்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்று அறிவித்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகப் புரியும். இருப்பு சுழிக்குக் கீழே போகாதவரை வண்டியை விடலாம். கடந்த பிறகு கணக்கு எதிர்மறையாகப் போனால், ஸ்டிக்கர் வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகையிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ளும். கடன் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு இது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஒரு காரைப் பின்தொடர்வோம்

புனேயிலிருந்து வரும் கார் ஒன்று காலை சரியாகப் பத்து மணிக்குக் கேட் ஷிவாபூர் பாதைக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையில் புதைத்த கம்பிச் சுருள் ஒன்று, மேலே ஓர் உலோக உடல் வந்து நிற்பதை உணர்கிறது. இந்தச் சுருள் சாதாரணமாகத் தோன்றினாலும் அதன் வேலை முக்கியமானது. பக்கத்துப் பாதை லாரியின் ஸ்டிக்கரும் வாசிப்பானின் காதில் விழுந்திருக்கலாம். ‘இங்கே ஒரு வண்டி வந்திருக்கிறது’ என்று சுருள் சொல்லும் நேரமும், ஓர் எண் பலமாகக் கேட்கும் நேரமும் ஒத்துப்போவதை வைத்துத்தான் எந்த எண் எந்தப் பாதைக்கு என்று கணினி முடிவுசெய்கிறது.

வாசித்த எண்ணின் பக்கத்தில் ஒரு நேரம் பதிவாகிறது: 10:00. இதை வாசித்த நேரம் என்று சொல்வோம். இனி நடப்பதெல்லாம் இந்த நேரத்தை வைத்தே அளக்கப்படும். எண் பட்டியலில் இல்லை. கட்டை உயர்கிறது. கார் வெளியேறும்போது உணரிகள் அதன் அச்சுகளை எண்ணி, உண்மையிலேயே கார்தானா என்று பார்க்கின்றன. கேமரா எண் பலகையைப் படம் பிடிக்கிறது. கட்டை இறங்குகிறது.

பிறகுதான் கட்டண விவரம் சாவடியின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து என்.பி.சி.ஐ.க்கு. இந்த எண் எந்த வங்கி கொடுத்தது, எந்தப் பதிவு எண்ணுக்கு, எந்த வகை வண்டிக்கு என்ற அட்டவணை அங்கே இருக்கிறது. அதைப் பார்த்து உங்கள் வங்கிக்குச் செய்தி போகிறது. வங்கி பணத்தைக் கழிக்கிறது. உங்கள் கைப்பேசி ஒலிக்கிறது. எல்லாம் சரியாக ஓடினால் சில விநாடிகள். எங்காவது தேங்கினால் சில நிமிடங்கள், சமயத்தில் இன்னும் கூடுதல்.

இதே காரின் ஃபாஸ்டேக் கருப்புப் பட்டியலில் இருந்தால்? இங்கேதான் 2025 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த என்.பி.சி.ஐ. விதி வருகிறது. வாசித்த நேரத்துக்கு 60 நிமிடங்களுக்கு மேலாகவே பட்டியலில் இருந்து, வாசித்த பிறகு 10 நிமிடங்கள் வரையிலும் அதே நிலையில் நீடித்தால், அந்தக் கட்டணம் நிராகரிக்கப்படும். திரையில் தெரியும் காரணக் குறியீடு 176.

நம் காருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். காலை 8:30-க்கே பட்டியலில் ஏறிவிட்டது, ஓட்டுநர் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு வாசிக்கப்பட்டது. கட்டை உயரவில்லை என்றதும் பதறிப்போய் 10:06-க்குப் பணம் போட்டு, நிலையும் உடனே மாறிவிட்டால், பத்து நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. கட்டணம் வழக்கம்போல் ஏற்கப்படலாம். 10:15-க்குப் போட்டிருந்தால் நிராகரிக்கப்படும். மாறாக, 9:40-க்குத்தான் பட்டியலில் ஏறியது என்றால், அறுபது நிமிடம் ஆகவில்லை. அந்தச் செய்தி எல்லாச் சாவடிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் நிராகரிக்கும் விதி அதற்குப் பொருந்தாது.

அந்த அறுபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். பட்டியல் ஓரிடத்தில் மாறுவதற்கும் நாடு முழுவதும் அது தெரிவதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்தில் கடந்துபோன வண்டியின் பணத்தை எந்த வங்கி ஏற்பது என்ற சண்டைக்கு எல்லை போடவே இந்த விதி. செய்தித்தாள்களில் இது வாகன ஓட்டிகளுக்கு வந்த புதுக் கெடுபிடிபோல் எழுதப்பட்டபோது, நெடுஞ்சாலை ஆணையம் ஒரு விளக்கம் கொடுத்தது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் நிலையை அந்தக் கணமே கேட்டறியும் புதிய முறை வந்துவிட்டது. அதனால் சாவடியைக் கடக்கும் முன் எப்போது பணம் போட்டாலும் போதும். மாநில நெடுஞ்சாலைகளின் சில சாவடிகள் மட்டும், பட்டியலை அவ்வப்போது இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளும் பழைய முறையில் இருந்தன.

புனேக்காரர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். கேட் ஷிவாபூர் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஊருக்கு மறுபுறம் மும்பைக்குப் போகும் விரைவுச்சாலையோ மாநில அரசின் சாலை வளர்ச்சிக் கழகத்தினுடையது. ஒரே ஸ்டிக்கர் இரண்டிலும் செல்லும். ஆனால் விதியை வகுப்பவர் வேறு. 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ், ஓராண்டு அல்லது 200 கடப்புகள் வரை, கேட் ஷிவாபூரில் செல்லுபடியாகும். மும்பை–புனே விரைவுச்சாலையில் வழக்கமான கட்டணம்தான் பிடிக்கப்படும். பாஸ் இருந்தும் பணம் போய்விட்டது என்று வரும் புகார்களில், இந்த எல்லைக்கோடு தெரியாததால் வருவதும் உண்டு.

எங்கே பிசகுகிறது

ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்திருந்து, சாவடி வந்ததும் தூக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கை அசைவதால் ஆன்டெனா எந்தக் கோணத்திலும் நிற்பதில்லை. உடல் வேறு அலையை விழுங்குகிறது. வாசிப்பான் பிடிக்கத் தவறினால் ஊழியர் கையடக்கக் கருவியோடு வருவார். அதற்குள் பின்னால் வரிசை. ஒரு காருக்கு வாங்கிய ஸ்டிக்கரை லாரியில் காட்டும் ஏமாற்றுக்கும் இதில் இடம் உண்டு. 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் இப்படி ஒட்டாமல் திரியும் ஸ்டிக்கர்களைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

வண்டி வகை மாறிப் பதிவாவது இன்னொரு சிக்கல். உங்கள் ஸ்டிக்கர் ஊதா நிறமானால் அது கார், ஜீப், வேன் வகைக்கானது. உணரிகள் வேறு எண்ணிக்கையில் அச்சுகளைக் கண்டால், எடுத்துக்காட்டாகக் காருக்குப் பின்னால் இழுவண்டி இருந்தால், கணினி முரண்பாட்டைக் குறித்து வைக்கும். படங்களைப் பார்த்துப் பிறகு கூடுதலாகப் பிடிப்பதும் நடக்கும்.

எல்லோரையும் எரிச்சலூட்டுவது, வீட்டில் நிற்கும் வண்டிக்குப் பணம் பிடிபடுவது. ரேடியோ அலையால் இது நடக்க வழியில்லை. சில மீட்டருக்கு அப்பால் வாசிப்பானுக்குக் காது கேட்காது. ஸ்டிக்கர் படிக்காதபோது சாவடியில் வண்டி எண்ணைக் கையால் தட்டச்சு செய்து கட்டணத்தைப் போட முடியும் என்பதில்தான் ஓட்டை இருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் இன்னொருவர் கணக்கில் விழும். வேண்டுமென்றே செய்யவும் முடியும். இத்தகைய புகாருக்கு 1033 என்ற எண்ணில் அழைக்கலாம், உங்கள் வங்கியிலும் எழுப்பலாம். அப்போது கேட்க வேண்டியது இரண்டு: வாசித்த நேரம், அந்தப் பாதையில் எடுத்த படம். குறுஞ்செய்தி வந்த நேரத்தை வைத்து வாதாடிப் பயனில்லை, அது வங்கி கழித்த நேரம். ஸ்டிக்கர் உண்மையில் வாசிக்கப்பட்டதா, கையால் போடப்பட்டதா என்று சாவடியின் பதிவில் தெரியும். வேறொரு வண்டியின் படம் இருந்தால் அதற்கு மேல் விவாதமில்லை.

நம் பக்கம் சரியாக இருந்து சாவடிக் கருவி பழுதானால்? ஸ்டிக்கர் செல்லுபடியாகி, போதிய இருப்பும் இருந்து, சாவடியின் கோளாறால் வாசிக்க முடியாமல் போனால், கட்டணமின்றி விட வேண்டும், சுழி ரூபாய் ரசீதும் தர வேண்டும் என்பது 2018-இல் கொண்டுவந்த விதி. தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் இந்த விதி பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

கட்டையே இல்லாவிட்டால்

ஸ்டிக்கரை 80 கிலோமீட்டர் வேகத்திலும் படிக்கலாம் என்றால், கட்டையை எடுத்துவிட வேண்டியதுதானே? சிங்கப்பூர் 1998-லேயே கட்டையின்றித் தொடங்கியது. சாலைக்குமேல் வளைவுகள், கீழே ஓடும் வண்டிகள். ஆனால் அங்கே வண்டிக்குள் இருந்தது மின்சாரம் கொண்ட ஒரு கருவி; அதில் பணம் ஏற்றிய அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். வளைவைக் கடக்கும் கணத்திலேயே அட்டையிலிருந்து பணம் கழிந்தது. கழியாவிட்டால் கேமரா எண் பலகையைப் படமெடுத்தது. நம்முடைய ஸ்டிக்கரில் மின்சாரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் அதை எல்லோர் வண்டியிலும் ஒட்ட முடிந்தது. கட்டணம் வராமல் போகும் வாய்ப்பைத் தடுக்கும் வேலை முழுவதும் கட்டையின்மேல் விழுந்தது.

அந்தக் கட்டையை எடுக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. சூரத் அருகே, இதே தேசிய நெடுஞ்சாலை 48-இல் இருக்கும் சோர்யாசி சாவடியைத் தடையற்ற முறைக்கு மாற்ற 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த முறையில் பாதை பிரிக்கும் தடுப்புகள் இல்லை, ஆகவே தரையில் புதைத்த சுருளைக் கொண்டு ‘இந்த எண் இந்த வண்டியுடையது’ என்று முன்போல் பொருத்த முடியாது. மேலிருந்து ஸ்டிக்கரைக் கேட்கும் ஆன்டெனாவும், எண் பலகையைப் படிக்கும் கேமராவும் ஒரே வண்டியைத்தான் சொல்கின்றன என்று கணினி ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத, அல்லது பட்டியலில் இருக்கும் வண்டியை நிறுத்த அங்கே எதுவும் இல்லை; எண் பலகையிலிருந்து உரிமையாளரைத் தேடிக் கட்டண அறிவிப்பு அனுப்புவதுதான் வழி. சேறு படிந்த பலகை, அலங்கார எழுத்தில் தாய்மொழியில் எழுதிய பலகை, பாதி மறைந்த லாரிப் பலகை ஆகியவற்றைக் கேமரா எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்பதைப் பொறுத்தே, கேட் ஷிவாபூரின் கட்டையும் ஒருநாள் போகுமா என்பது முடிவாகும்.